ஆஸ்பிரினை மறுபடிகமாக்கிய பின் குறையும் விளைச்சலும் அதன் தூய்மைக்கான சான்றுகளும்

கேள்வி: 2.00 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் தயாரித்தேன். உலர்த்திய பின் 2.38 கிராம் இருந்தது. அதில் 0.08 கிராமைச் சோதனைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை 12 மில்லி லிட்டர் எத்தனாலில் கரைத்து, 25 மில்லி லிட்டர் வெந்நீர் சேர்த்து மறுபடிகமாக்கினேன். கிடைத்தது 1.77 கிராம் மட்டுமே. முதல் பொருள் ஃபெரிக் குளோரைடில் வெளிர் ஊதா நிறம் தந்தது. 127 முதல் 133 டிகிரி வரை உருகியது. இரண்டாவது ஊதா நிறம் தரவில்லை. 134 முதல் 136 டிகிரி வரை உருகியது. அறிக்கையில் எந்த விளைச்சலை எழுத வேண்டும்? கால் பங்கு குறைந்துபோனது என் பிழையா?

பதில்:

இரண்டு விளைச்சல்களையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அருகில் அந்தப் பொருளின் நிறச் சோதனை முடிவையும் உருகு நெடுக்கத்தையும் எழுத வேண்டும். இறுதி விளைச்சலாகக் கொள்ளத்தக்கது மறுபடிகமாக்கிய பொருளின் விளைச்சல்தான். முதல் பொருளின் 2.38 கிராமும் முழுவதும் ஆஸ்பிரின் அல்ல என்பதை உங்கள் அளவீடுகளே காட்டுகின்றன. அதை எப்படி அவற்றிலிருந்து படித்தெடுப்பது என்பதுதான் இந்தச் செய்முறையில் கற்க வேண்டிய பகுதி. விளைச்சல் கணக்கை விட அதற்கே கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில் எடை குறைந்த காரணத்தைப் பார்ப்போம். 2.30 கிராம் போட்டு 1.77 கிராம் எடுத்திருக்கிறீர்கள், 0.53 கிராம் குறைந்திருக்கிறது. அவ்வளவும் மாசு என்று எண்ணிவிடக் கூடாது. குறைந்ததில் பெரும்பகுதி, வடிகட்டிய பின் குடுவையில் எஞ்சிய தாய்க் கரைசலிலேயே தங்கிவிட்ட நல்ல ஆஸ்பிரின். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 3 கிராம் ஆஸ்பிரின்தான் கரையும். ஆனால் எத்தனாலில் அது தாராளமாகக் கரையும். உங்கள் கலவையில் மூன்றில் ஒரு பங்கு எத்தனால் இருந்ததால், குளிர்ந்த பிறகும் அது கணிசமான ஆஸ்பிரினைப் பிடித்து வைத்திருக்கும். இந்த எடைக்கு 8 மில்லி லிட்டர் எத்தனாலும் 20 மில்லி லிட்டர் வெந்நீரும் போதுமானவை. எத்தனாலை முழுவதும் ஒரே முறை ஊற்றாமல், 60 டிகிரி அளவிலான வெந்நீர்த் தொட்டியில் குடுவையை வைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசிப் படிகம் கரைந்ததும் நிறுத்த வேண்டும். எத்தனால் ஆவி தீப்பற்றும் என்பதால் அருகில் சுடர் இருக்கக் கூடாது. பிறகு வெந்நீரைச் சேர்த்து, கலங்கினால் மறுபடி சற்றுச் சூடாக்கித் தெளியவைத்து, அசைக்காமல் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, அதன் பின்னரே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே பனிக்கட்டியில் வைத்தால் படிகங்கள் அவசரமாக உருவாகும். அவை நுண்ணிய பொடியாக வந்து, இடையிடையே தாய்க் கரைசலைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். எண்ணெய் போன்ற துளிகள் பிரிந்தால், சிறிது எத்தனால் சேர்த்து மீண்டும் கரைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தத் துளிகள் அப்படியே உறைந்தால் மாசும் அவற்றுக்குள்ளேயே உறைந்துவிடும்.

குளிர்ந்த நீரில் கழுவினாலே சாலிசிலிக் அமிலம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அறை வெப்பநிலையில் சாலிசிலிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம்தான் கரையும். ஆஸ்பிரினைவிடவும் அது குறைவு. கழுவுவது வினையூக்கியாகச் சேர்க்கும் கந்தக அமிலத்தையும் வினையில் உண்டாகும் அசிட்டிக் அமிலத்தையும் மட்டுமே நன்றாக நீக்கும். அப்படியானால் மறுபடிகமாக்கல் சாலிசிலிக் அமிலத்தை எவ்வாறு பிரிக்கிறது? அளவு வேறுபாட்டால்தான் பிரிக்கிறது. உங்கள் 2.30 கிராமில் 0.03 கிராம் சாலிசிலிக் அமிலம் இருந்ததாகக் கொள்வோம். எத்தனால் கலந்த 37 மில்லி லிட்டர் கரைசலுக்கு 0.03 கிராம் மிகச் சிறிய சுமை. குளிர்ந்த பிறகும் கரைசல் அதனால் நிறைவுறாது, அதனால் அது படிகமாக வெளிவரக் காரணமே இல்லை. ஆஸ்பிரினோ நிறைவு எல்லையைப் பலமடங்கு கடந்து இருப்பதால் வெளிவருகிறது. இதே விளக்கம் இம்முறையின் எல்லையையும் சொல்லிவிடுகிறது. வினை சரியாக நடக்காமல் அரை கிராம் சாலிசிலிக் அமிலம் எஞ்சியிருந்தால், இரண்டும் சேர்ந்தே படிகமாகும். ஒருமுறை மறுபடிகமாக்கி அதைத் தூய்மையாக்க முடியாது.

இனி நிறச் சோதனை. சாலிசிலிக் அமிலத்தின் வளையத்தில் ஃபீனால் தொகுதியான ஹைட்ராக்சிலும், அதை ஒட்டிய இடத்தில் கார்பாக்சிலும் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஃபெரிக் அயனியைப் பற்றிக்கொள்வதால் ஆழ்ந்த ஊதா நிறம் எழுகிறது. ஆஸ்பிரினில் அந்த ஹைட்ராக்சில் அசிட்டைல் தொகுதியால் மூடப்பட்டிருப்பதால் நிறம் எழாது. ஃபெரிக் குளோரைடின் சொந்த மஞ்சள் நிறம் மட்டும் தெரியும். ஆகவே இச்சோதனை ஆஸ்பிரின் இருக்கிறதா என்று சொல்வதில்லை. சாலிசிலிக் அமிலம் எஞ்சியிருக்கிறதா என்று மட்டுமே சொல்கிறது. வெறும் எத்தனாலை ஊற்றினாலும் அதே மஞ்சள்தான் கிடைக்கும். "ஊதா நிறம் தரவில்லை, எனவே இது தூய ஆஸ்பிரின்" என்று அறிக்கையில் எழுதினால், சோதனை சொல்லாத ஒன்றை நீங்கள் சொன்னதாகிவிடும்.

சோதனையை நான்கு குழாய்களில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்: ஒன்றில் கரைப்பான் மட்டும், ஒன்றில் சாலிசிலிக் அமிலம், ஒன்றில் முதல் பொருள், ஒன்றில் மறுபடிகமாக்கிய பொருள். இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்று ஓர் எண்ணையும் பெறலாம். அதற்கு ஒரு நிறமானி கூடத் தேவையில்லை. 10 மில்லி கிராம் சாலிசிலிக் அமிலத்தைச் சிறிது எத்தனாலில் கரைத்து, நீரால் 100 மில்லி லிட்டராக்குங்கள். இக்கரைசலின் ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் 0.1 மில்லி கிராம் இருக்கும். ஒரு குழாயில் உங்கள் பொருளில் 20 மில்லி கிராமை 2 மில்லி லிட்டர் எத்தனாலில் கரைத்து, நீர் சேர்த்து 5 மில்லி லிட்டராக்குங்கள். மற்றொன்றில் ஒப்பீட்டுக் கரைசலில் 1 மில்லி லிட்டரை எடுத்து, அதே அளவு எத்தனாலும் நீரும் சேர்த்து 5 மில்லி லிட்டராக்குங்கள். இரண்டிலும் 1 சதவீத ஃபெரிக் குளோரைடில் ஒரு துளி விட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, குழாயின் வாய் வழியே மேலிருந்து பாருங்கள். 20 மில்லி கிராமில் 0.1 மில்லி கிராம் என்பது 0.5 சதவீதம். உங்கள் குழாய் ஒப்பீட்டுக் குழாயைவிட வெளிறியிருந்தால், எஞ்சிய சாலிசிலிக் அமிலம் 0.5 சதவீதத்துக்குக் குறைவு என்று உறுதியாக எழுதலாம். "நிறம் இல்லை" என்பதைவிட இது பன்மடங்கு மதிப்புள்ள கூற்று. அமெரிக்க மருந்துத் தொகுப்பு மருந்துக்கான ஆஸ்பிரின் மூலப்பொருளில் அனுமதிக்கும் அளவு 0.1 சதவீதம் என்பதை நினைவில் கொண்டால், வகுப்பறைப் பொருள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் விளங்கும்.

இந்தச் சோதனை இரு வகையில் ஏமாற்றக்கூடும். கரைந்த ஆஸ்பிரின் நீரில் மெல்ல மெல்லச் சிதைந்து சாலிசிலிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் தரும். குழாயை வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், தூய பொருளும் ஊதா சாயலைக் காட்டக்கூடும். ஆகவே துளி விட்ட ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடிவெழுத வேண்டும். இதற்கு எதிரான ஏமாற்றமும் உண்டு. கந்தக அமிலம் சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருந்தால், அமிலத்தன்மை மிகுந்து அந்த ஊதா அணைவுச் சேர்மம் உடைந்து நிறம் மங்கும்; சாலிசிலிக் அமிலம் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். நீல லிட்மஸ் தாளை ஈரப்படிகத்தின் மேல் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஆஸ்பிரினே அமிலம் என்பதால் தாள் எப்படியும் சிவக்கும். வடிகட்டும்போது குளிர்ந்த நீரால் சிறிது சிறிதாக இரண்டு மூன்று முறை கழுவுவதே இதற்கான பாதுகாப்பு.

உருகு நெடுக்கம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்த மாசு என்று அதற்குத் தெரியாது. மாசு மொத்தம் எவ்வளவு என்பதை அது உணர்த்தும். ஆஸ்பிரின் 135 டிகிரி அளவில் உருகும். சாலிசிலிக் அமிலம் 159 டிகிரி அளவில் உருகும். அதனால் சாலிசிலிக் அமிலம் கலந்தால் உருகுநிலை உயரும் என்று சிலர் கருதுகிறார்கள். உண்மையில் குறையும், உருகிய திரவத்தில் கரையும் எந்த மாசும், அதன் சொந்த உருகுநிலை எதுவானாலும், பெரும்பான்மைப் பொருளின் உருகுநிலையைத் தாழ்த்தி நெடுக்கத்தை விரிக்கும். எவ்வளவு தாழ்த்தும் என்பது மாசு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, நூறு மூலக்கூறுகளுக்கு ஒரு மாசு மூலக்கூறு இருந்தால் உருகுதல் முடியும் வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறையும்.

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் முதல் பொருளைப் பாருங்கள். அது 133 டிகிரியில்தான் முழுதும் உருகி முடிந்தது. 136 டிகிரியில் உருகி முடிந்த உங்கள் மறுபடிகமாக்கிய பொருளைவிட 3 டிகிரி குறைவு. அவ்வளவு குறைய வேண்டுமென்றால் நூற்றுக்கு ஆறு மூலக்கூறுகளாவது வேற்றுப்பொருளாக இருக்க வேண்டும். ஆனால் அது தந்தது வெளிர் ஊதா மட்டுமே. ஆறு சதவீதச் சாலிசிலிக் அமிலம் இருந்திருந்தால் குழாய் அடர் ஊதாவாக மாறியிருக்கும். ஆகவே மாசில் பெரும்பகுதி ஃபெரிக் குளோரைடின் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. பெரும்பாலும் அது உலராத நீரும் அசிட்டிக் அமிலமும்தான். நீரின் மூலக்கூறு எடை 18, ஆஸ்பிரினுடையது 180. எடையில் அரை சதவீத ஈரம் என்பது மூலக்கூறு எண்ணிக்கையில் ஐந்து சதவீதத்துக்கு நெருங்கிவிடும். கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றும் பொருளிலும் அந்த அளவு ஈரம் இருப்பது இயல்பு. முதல் பொருளை முகர்ந்தபோது வினிகர் மணம் வந்திருந்தால் அசிட்டிக் அமிலத்துக்கு அதுவே சான்று. நிறம் சொன்னதையும் நெடுக்கம் சொன்னதையும் சேர்த்துப் படித்தபோதுதான் இந்த முடிவு கிடைத்தது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் கிடைத்திருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. நெடுக்கம் 134 முதல் 136 வரை நன்றாக இருந்தும் மிக வெளிறிய ஊதா தோன்றினால், அரை சதவீத அளவில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது என்று பொருள். அந்த அளவு தரும் தாழ்வு வெப்பமானியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஊதா இல்லாமல் நெடுக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், முதலில் பொருளை மறுபடி உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். நெடுக்கம் ஏறினால் குற்றம் ஈரத்தினுடையது. ஏறாவிட்டால், சாலிசிலிக் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எஸ்டராகக் கோத்துக்கொண்ட பாலிமரைச் சந்தேகிக்க வேண்டும். வினைக் கலவையை அளவுக்கு மேல் சூடாக்கினால் இது கூடுதலாக உண்டாகும். ஃபெரிக் குளோரைடு இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. 50 மில்லி கிராம் பொருளை 2 மில்லி லிட்டர் நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலில் இடுங்கள். நுரைத்து அடங்கிய பின் தெளிவாக இருந்தால் பாலிமர் இல்லை; பிசுபிசுப்பான துணுக்கோ கலங்கலோ எஞ்சினால் இருக்கிறது. ஆஸ்பிரினும் சாலிசிலிக் அமிலமும் உப்பாக மாறிக் கரைந்துவிட, பாலிமர் மட்டும் கரையாமல் நிற்கும்.

நெடுக்கத்தை அளக்கும் முறையில் ஆஸ்பிரினுக்கென்று ஒரு கவனம் தேவை. அது உருகும்போதே சிறிது சிதைவதால், மிக மெதுவாக நெடுநேரம் சூடாக்கினால் சிதைவுப் பொருள்களே மாசாகி, நெடுக்கம் பொய்யாகத் தாழும். ஆகவே நன்கு பொடித்து, தந்துகிக் குழாயில் 2 அல்லது 3 மில்லி மீட்டர் உயரத்துக்கு இறுகத் தட்டி, சூடாக்கும் திரவம் 120 டிகிரியை எட்டிய பின் குழாயை உள்ளே வைத்து, அதன் பின் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி வீதம் ஏற்ற வேண்டும். முதல் துளித் திரவம் தெளிவாகத் தெரியும் வெப்பநிலையும், கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலையுமே எழுத வேண்டிய இரண்டு எண்கள். பொடி சுருங்குவதும் சுவரை விட்டு விலகுவதும் உருகுதல் ஆகா. வெப்பமானியின் மேல் ஐயம் இருந்தால், 122 டிகிரியில் உருகும் பென்சாயிக் அமிலத்தை அதே கருவியில் அளந்து, பிழையைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த 135 டிகிரிக்கு ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் பெயரில் 1900ஆம் ஆண்டு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையின் உரிமைக்கோரல், இப்பொருளை ஏறத்தாழ 135 டிகிரியில் உருகுவது என்றும், சுடுநீரால் அசிட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிளக்கப்படக்கூடியது என்றும் விவரிக்கிறது. பொருளின் அடையாளமாக அங்கே சொல்லப்பட்ட அந்த இரண்டாவது பண்புதான் நமக்கு மறுபடிகமாக்கும்போது எச்சரிக்கை. வெந்நீர் கலந்த கரைசலைக் கொதிக்கவிட்டாலோ, தொட்டியிலேயே நெடுநேரம் வைத்திருந்தாலோ, மாசை நீக்கச் செய்யும் வேலையே புது மாசை உண்டாக்கும். ஈரமான படிகங்களைச் சூடான அடுப்பில் உலர்த்துவதும் அதே போன்றதுதான். புக்னர் புனலில் நன்றாக உறிஞ்சவிட்டு, வடிதாள்களுக்கிடையே அழுத்தி, ஓர் இரவு காற்றிலோ உலர்கலத்திலோ வைத்து, அடுத்தடுத்த இரு எடைகள் ஒன்றாக வரும்வரை காத்திருப்பதே பொருத்தம்.

இனிக் கணக்கு. சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 138.12, ஆஸ்பிரினின் மூலக்கூறு எடை 180.16. அசிட்டிக் அன்ஹைட்ரைடை வழக்கம்போல் மிகுதியாகவே எடுத்திருப்பீர்கள் என்பதால் வரம்பிடுவது சாலிசிலிக் அமிலம்.

2.00 ÷ 138.12 × 180.16 = 2.61 கிராம்

இது கோட்பாட்டு விளைச்சல். முதல் பொருளின் விளைச்சல் 2.38 ÷ 2.61, அதாவது 91.2 சதவீதம். மறுபடிகமாக்கலில் மீண்டது 1.77 ÷ 2.30, அதாவது 77.0 சதவீதம். இங்கே பலர் 1.77ஐ நேரே 2.61ஆல் வகுத்து 67.8 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். சோதனைக்காக எடுத்து வைத்த 0.08 கிராமை இழப்பாகக் கணக்கிட்டதால் வந்த எண் அது. இரு படிகளின் விளைச்சலையும் பெருக்குவதே சரி: 0.912 × 0.770, அதாவது 70.2 சதவீதம். ஒருபோதும் 100 சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது. வந்தால் பொருள் ஈரமாக இருக்கிறது, உலரும் முன்பே எடையிட்டதுதான் தவறு.

உங்கள் அறிக்கையின் முடிவுப் பகுதியை இப்படி எழுதலாம்: "மறுபடிகமாக்காத பொருள் 2.38 கிராம், விளைச்சல் 91.2 சதவீதம், ஃபெரிக் குளோரைடில் வெளிர் ஊதா, உருகு நெடுக்கம் 127–133 டிகிரி. எத்தனால்-நீர் கலவையிலிருந்து மறுபடிகமாக்கிய பொருள் வெண்ணிற ஊசிப் படிகங்கள், மீட்பு 77.0 சதவீதம், ஒட்டுமொத்த விளைச்சல் 70.2 சதவீதம், ஃபெரிக் குளோரைடில் ஊதா இல்லை, உருகு நெடுக்கம் 134–136 டிகிரி. முதல் பொருளின் தாழ்ந்த நெடுக்கத்தை அதன் வெளிர் ஊதா நிறம் காட்டும் சாலிசிலிக் அமிலம் மட்டுமே விளக்காது, ஈரமும் அசிட்டிக் அமிலமும் இருந்திருக்க வேண்டும், எனவே 91.2 சதவீதம் மிகை மதிப்பீடு." ஒப்பீட்டுக் குழாயை வைத்துச் சோதனை செய்துவிட்டால், "ஊதா இல்லை" என்பதற்குப் பதிலாக 0.5 சதவீத எல்லையை எழுதுங்கள். படிகத்தின் வடிவத்தை உங்கள் குடுவையில் கண்டபடியே எழுதுங்கள். ஊசிகளாக இல்லாமல் தகடுகளாக வந்திருந்தால் அப்படியே சொல்வதில் குறை ஒன்றும் இல்லை.

இழந்த ஆஸ்பிரினில் ஒரு பகுதியை மீட்க விரும்பினால், தாய்க் கரைசலில் மேலும் குளிர்ந்த நீர் சேர்த்துப் பனிக்கட்டியில் வைத்தால் இரண்டாம் அறுவடையாகச் சிறிது படிகம் கிடைக்கும். கரைசலைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டாம். காரணத்தை மேலே சொன்னேன். முதல் படிகமாக்கலில் வெளியேறிய மாசு எல்லாம் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாம் அறுவடையைத் தனியே உலர்த்தி, தனியே எடையிட்டு, அதற்கும் நிறச் சோதனையும் உருகு நெடுக்கமும் பார்த்த பின்னரே முதலாவதோடு கலப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சோதிக்காமல் கலந்தால் விளைச்சல் சற்று உயரும், ஆனால் 134–136 என்று எழுதிய நெடுக்கம் இனி அந்தப் பொருளுக்கு உரியதாக இராது.